சுவரை இடித்த லோரியும் முடியாத வழக்கும்

கூலாயில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பது என் தொழில். டிசம்பரில் ஆண்டை முடிக்கும் நிறுவனங்களின் கோப்புகள் மார்ச் மாதத்தில் என் மேசையில் குவிந்துவிடும். 2024 மார்ச்சில் அப்படி வந்த ஒரு கோப்பை நான் இன்னும் மறக்கவில்லை. செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்ல நான்கு லோரி வைத்திருக்கும் ஓர் அண்ணனுடைய கோப்பு அது.

"தங்கச்சி, இந்த வருசம் கணக்கு கொஞ்சம் அழகா வரணும். அஞ்சாவது லோரிக்கு பேங்க்ல கடன் கேட்டிருக்கேன். மகன் தொழிலுக்கு வரப்போறான்" என்றார்.

லாபம் 96,000 வெள்ளி என்று நின்றது. ஆனால், கோப்பின் கடைசியில் நான்கு கடிதங்கள் இருந்தன. நான்குமே இனிமேல் பணம் போகலாம் என்று சொன்ன கடிதங்கள்தான். எதைக் கணக்கில் ஏற்றுவது, எதைக் குறிப்பில் மட்டும் சொல்வது, எதை விட்டுவிடுவது என்பதுதான் கேள்வி.

முதல் கடிதம் ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. 2023 டிசம்பரில் அண்ணனின் லோரி பின்னால் வந்தபோது அவர்களுடைய மதில் சுவரை இடித்துவிட்டது. அண்ணன் அப்போதே தவற்றை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் செலவு 18,000 வெள்ளி.

"பணம் பிப்ரவரியிலதானே கொடுத்தேன்? அடுத்த வருசக் கணக்குல போட்டுக்கலாமே" என்றார் அண்ணன்.

பணம் எப்போது கைமாறியது என்பது இங்கே முக்கியமில்லை. நாங்கள் மூன்று கேள்விகள் கேட்போம். பொறுப்பை உண்டாக்கிய சம்பவம் ஆண்டு முடிவதற்குள் நடந்துவிட்டதா? பணம் போகாமலிருப்பதைவிடப் போவதற்கு வாய்ப்பு அதிகமா, அதாவது பாதிக்கு மேலா? தொகையை நம்பும்படி மதிப்பிட முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது ஒதுக்கீடு. அந்த ஆண்டின் செலவாகவும் பொறுப்பாகவும் ஏற்றியே ஆக வேண்டும். சுவர் விவகாரத்தில் மூன்றுக்கும் ஆம்தான். லாபம் 78,000 ஆனது.

"இன்சூரன்ஸ் 15,000 தருமே, அதைக் கழிச்சிட்டு 3,000 மட்டும் போடேன்" என்றார். காப்புறுதி நிறுவனம் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தது. போகும் பணத்துக்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே போதும், ஏற்ற வேண்டும். வரும் பணமோ ஏறக்குறைய உறுதியாக இருந்தால்தான் ஏற்றலாம். அப்போதும் அதைத் தனிச் சொத்தாகக் காட்ட வேண்டுமே தவிர, பொறுப்பிலிருந்து கழித்துக் காட்டக் கூடாது.

இரண்டாவது, ஒரு பட்டறையின் விலைப்பட்டியல். அடுத்த ஆண்டு இரண்டு லோரிகளின் இயந்திரத்தை முழுசாகப் பிரித்துப் பார்க்க 40,000 வெள்ளி ஆகுமாம். லாபம் கூடுதலாக வந்த முந்தைய ஆண்டில், வரி குறையுமே என்று இதே செலவை முன்கூட்டியே போடச் சொன்னவர் அண்ணன். அப்போதும் நான் ஏற்றவில்லை, இப்போதும் ஏற்றவில்லை. யாருக்கும் அந்தப் பணத்தை அவர் இன்னும் கடன்படவில்லை. வேண்டாம் என்று நினைத்தால் லோரியையே விற்றுவிடலாம். தன் முடிவால் தவிர்க்கக்கூடிய செலவு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் அது இன்றைய பொறுப்பு ஆகாது.

மூன்றாவது, லோரிப் புழுதியால் வீட்டுச் சாயமே போய்விட்டது என்று ஒருவர் எழுதிய புகார். அந்தச் சாலையில் அண்ணனின் லோரிகள் போவதே இல்லை. வழக்கறிஞர் பார்த்துவிட்டு, "வாய்ப்பே இல்லை" என்று ஒரு வரியில் எழுதினார். இப்படிப்பட்டதைக் குறிப்பில்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது கடிதம்தான் சிக்கல். 2022 அக்டோபரில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் ஓட்டுநர், காரணமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று தொழிலியல் நீதிமன்றம் வரை போயிருந்தார். மாதச் சம்பளம் 2,500 வெள்ளி, ஐந்து ஆண்டுச் சேவை. தோற்பதைவிட ஜெயிக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் வழக்கறிஞர். ஆனால் தோற்கவே மாட்டோம் என்று அவர் சொல்லவில்லை.

பாதிக்குக் கீழே, ஆனால் ஒதுக்கித் தள்ள முடியாத வாய்ப்பு. இதைத்தான் நிகழ்வு சார்ந்த பொறுப்பு என்கிறோம். கணக்கின் எண்களில் அது வராது. குறிப்பில் வர வேண்டும். என்ன வழக்கு, எவ்வளவு போகலாம், முடிவு எதைப் பொறுத்தது என்று எழுத வேண்டும். நிரந்தர ஊழியருக்குப் பின்சம்பளம் அதிகபட்சம் 24 மாதம் என்று 1967 தொழிலியல் உறவுச் சட்டம் சொல்கிறது. அது 60,000 வெள்ளி. மீண்டும் வேலையில் சேர்ப்பதற்குப் பதிலாகச் சேவை ஆண்டுக்கு ஒரு மாதம் என்று வழக்கமாகக் கொடுக்கப்படும் இழப்பீடு 12,500. ஆக 72,500 வெள்ளி வரை போகலாம் என்று குறிப்பு எழுதினேன்.

"அதை பேங்க் பார்த்துட்டா? எடுத்துடேன்" என்று கெஞ்சினார் அண்ணன். குறிப்பை எடுத்துவிட்டால் நான் கையெழுத்துப் போட முடியாது என்றேன். லாபம் 78,000 என்றே நின்றதில் ஓரளவு சமாதானமாகிப் போனார்.

கணக்கில் கையெழுத்தாவதற்கு முன்பே, ஏப்ரலில் தீர்ப்பு வந்துவிட்டது. ஓட்டுநர் ஜெயித்தார். பின்சம்பளம் 12 மாதம், இழப்பீட்டோடு சேர்த்து 42,500 வெள்ளி.

"தீர்ப்பு 2024லதானே? குறிப்பு அப்படியே இருக்கட்டுமே" என்றார். இந்த இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நீக்கம் நடந்தது 2022இல். டிசம்பர் 31இல் இருந்த நிலைமை என்ன என்பதற்குக் கிடைத்த சாட்சிதான் ஏப்ரல் தீர்ப்பு. கணக்கு கையெழுத்தாகும் முன் கிடைத்ததால் 2023 கணக்கையே திருத்த வேண்டும். குறிப்பில் இருந்தது ஒதுக்கீடாக மாறியது. லாபம் 35,500க்கு இறங்கியது. கையெழுத்தான பிறகு அதே தீர்ப்பு வந்திருந்தால் அது 2024இன் செலவாகியிருக்கும்.

வங்கி, கேட்ட கடனில் ஒரு பகுதியைத்தான் கொடுத்தது. ஐந்தாவது லோரி பழைய லோரியாக வந்து சேர்ந்தது. அண்ணன் சில மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சின்னக் கம்பெனிக்குத்தான் இந்தத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுக்கு மின் கட்டணம் அனுப்பும் தெனாகா நேஷனலுக்கு, 2018ஆம் ஆண்டுக்கான கூடுதல் வரியாகச் சுமார் 180 கோடி வெள்ளி கட்டச் சொல்லி உள்நாட்டு வருமான வரி வாரியம் 2020இல் நோட்டீஸ் அனுப்பியது. மறுமுதலீட்டு வரிச் சலுகை அந்த நிறுவனத்துக்குப் பொருந்துமா என்பதுதான் வழக்கு. உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தெனாகாவின் பக்கம் நின்றன. 2025 ஜூலை 2ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றி, வரி வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டு நீதிமன்றங்களில் ஜெயித்த வழக்கும் கடைசிப் படியில் மாறலாம். அதனால்தான் ஜெயிப்போம் என்று நம்பும் வழக்கைக்கூடக் குறிப்பில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கும் முன்போ, உறவினர் தொழிலில் பணம் போடும் முன்போ கணக்கைப் பார்ப்பவர்கள் லாப எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். பின்பக்கத்துக் குறிப்புகளில் நிகழ்வு சார்ந்த பொறுப்பு என்ற தலைப்பைத் தேடுங்கள். போன ஆண்டின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன ஆண்டு இருந்த வழக்கு இந்த ஆண்டு காணாமல் போயிருந்தால், ஜெயித்தார்களா, கட்டினார்களா, அல்லது சொல்லாமல் விட்டார்களா என்று கேளுங்கள்.

இந்த மார்ச்சில் அண்ணனுக்குப் பதிலாக மகன் கோப்போடு வந்தான். உட்கார்ந்ததும், "அக்கா, இந்த வருசம் ரெண்டு லெட்டர் இருக்கு. முதல்ல அதைப் பார்த்திடுங்க" என்றான்.