அரிசியும் பருப்பும் அட்டவணையில்

கச்சிபௌலியின் மென்பொருள் அலுவலகம் ஒன்றுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, பொருள் இரண்டே இரண்டு: அரிசி, துவரம்பருப்பு. ஊட்டச்சத்து அட்டவணைகளைத் தோராயமாக முழு எண்ணாக்கினால் 100 கிராம் அரிசியில் 7 கிராம் புரதமும், அதே எடைப் பருப்பில் 21 கிராம் புரதமும் இருக்கின்றன. கலோரி இரண்டிலும் ஏறக்குறைய 340. விலையை 100 கிராமுக்கு முறையே 5 ரூபாய், 15 ரூபாய் என்று வைப்போம். ஒரு சாப்பாட்டில் குறைந்தது 28 கிராம் புரதமும் 680 கலோரியும் வேண்டும். சமைக்காத எடை 300 கிராமைத் தாண்டக் கூடாது. அரிசியின் அளவு x, பருப்பின் அளவு y, இரண்டும் 100 கிராம் கணக்கில். அப்போது நிபந்தனைகள் x + 3y ≥ 4, x + y ≥ 2, x + y ≤ 3 என்று ஆகும். 5x + 15y என்ற செலவைக் குறைக்க வேண்டும். ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகளுடன் எழுப்பிய உணவுக் கணக்கின் மிகச் சிறிய வடிவம் இது. இந்தியாவில் இப்படிப்பட்ட கணக்குக்கு எண்களைத் தருவது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். குன்னூரில் 1918இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது.

நேரியல் திட்டமிடல் கணக்கு எப்போதும் ஒரே ஒரு விடையில் வந்து நிற்பதில்லை. தீர்வே இல்லாமல் போகலாம், விடை எல்லையில்லாமல் ஓடலாம், ஒன்றுக்கு மேற்பட்ட சிறந்த தீர்வுகள் கிடைக்கலாம். பாடப்புத்தகங்கள் இவற்றை விதிவிலக்குகளாகக் கடைசியில் வைத்து, பெயர் சொல்ல மட்டும் பழக்குகின்றன. பெயரோடு நிறுத்துவது போதாது என்பதே என் வாதம். சிம்ப்ளெக்ஸ் அட்டவணையின் ஒரு குறிப்பிட்ட நிரையோ நிரலோ, கணக்கை எழுதியவர் எந்த நிபந்தனையைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

முதலில் மேலே எழுதிய கணக்கையே பார்ப்போம். வரைபடத்தில் ஏற்புடைய பகுதியின் அடிவிளிம்பு புரதக் கோடு. அதன் ஒரு முனை (1, 1), மறுமுனை (2.5, 0.5). செலவுக் கோட்டுக்கும் அதே சாய்வுதான், ஏனென்றால் விலையும் புரதமும் ஒரே 1:3 விகிதத்தில் இருக்கின்றன. ஆகவே 100 கிராம் அரிசியும் 100 கிராம் பருப்பும் 20 ரூபாய்; 250 கிராம் அரிசியும் 50 கிராம் பருப்பும் 20 ரூபாய்; நடுவிலுள்ள எந்தக் கலவையும் அதே 20 ரூபாய். அட்டவணையில் இதைக் காண, புரதத்தின் உபரியை p என்றும் கலோரியின் உபரியை q என்றும் கொள்வோம். (1, 1) முனையில் செலவு 20 + 5p + 0q என்று வருகிறது. அடிப்படைக்கு வெளியே நிற்கும் q-வுக்குக் குறிக்கோள் நிரையில் பூஜ்யம் இருப்பதுதான் அடையாளம். q-வை உள்ளே கொண்டுவந்தால் பருப்பு குறைந்து, அரிசி கூடி, எடை வரம்பு தொட்டதும் மறுமுனை வந்துவிடும். ஆனால் பூஜ்யத்தைக் கண்ட உடனே ‘பல தீர்வுகள்’ என்று எழுதிவிடக் கூடாது. அடிப்படை மாறி ஒன்று ஏற்கெனவே பூஜ்யமாக இருந்தால் நகரும் தூரமும் பூஜ்யமாகிவிடலாம். அட்டவணை மாறும், புள்ளி அதேதான். அதனால் விகிதத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே q ஒரு அலகு நகர்கிறது, ஆகவே மாற்றுத் தீர்வு உண்மையானது. சமையல்கூடத்துக்கு இது நல்ல செய்தி. செலவு கூடாமலே ருசியையோ கையிருப்பையோ பார்த்துத் தேர்வு செய்யலாம். ஆனால் இந்தச் சமநிலை மெல்லியது: பருப்பு 100 கிராமுக்கு ஒரு ரூபாய் ஏறினாலே அரிசி மிகுந்த முனை மட்டும் மிஞ்சும்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். புரதம் 28 அல்ல, 70 கிராம் வேண்டும் என்றால் முதல் நிபந்தனை x + 3y ≥ 10 ஆகிறது. வரைபடத்தில் புரதக் கோடு மேலே போய்விடுகிறது. x, y எதிர்மறையாகாத இடத்தில், எடைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதியும் புரதக் கோட்டுக்கு மேலுள்ள பகுதியும் எங்கும் சந்திக்கவில்லை. அட்டவணையில் முதல் கட்டம் முடிந்தும் செயற்கை மாறி 1 என்ற மதிப்புடன் அடிப்படையிலேயே நிற்கிறது. அந்த 1 வெறும் எச்சரிக்கை எண் அல்ல, ஒரு அளவு. முழுக்கப் பருப்பாகவே 300 கிராம் வைத்தாலும் கிடைப்பது 63 கிராம் புரதம். ஒரு அலகு, அதாவது 7 கிராம், குறைகிறது. அந்த நிரை எப்படி உருவானது என்று பார்த்தால் சான்றும் கையில் கிடைக்கிறது. புரத நிபந்தனையிலிருந்து எடை நிபந்தனையின் மூன்று மடங்கைக் கழித்தால் −2x ≥ 1 என்று வருகிறது. எதிர்மறையாக முடியாத x-ஐ இது எதிர்மறையாக்கச் சொல்கிறது. கலோரி நிபந்தனை இந்தச் சண்டையில் இல்லவே இல்லை என்பதும் அதிலிருந்தே தெரிகிறது. முரண்படும் நிபந்தனைகளை இப்படிச் சேர்த்து முரணைக் காட்ட முடியும் என்பதை நிறுவியவர் ஹங்கேரியரான ஃபார்கஷ். அவருடைய கட்டுரை 1902இல் வெளிவந்தது.

எல்லையின்மையில்தான் தடுமாற்றம் அதிகம். புரதத் தேவையை மீண்டும் 28 கிராமாக்கி, எடை வரம்பை எழுத மறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஏற்புடைய பகுதி வலப்பக்கம் மேலே திறந்து கிடக்கும். அதைப் பார்த்ததும் பலர் ‘எல்லையற்ற தீர்வு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. செலவைக் குறைக்கும் கணக்குக்கு அந்தத் திறந்த பகுதியிலும் 20 ரூபாய்தான் விடை, ஏனென்றால் செலவு குறையும் திசை மூடியிருக்கிறது. அதே பகுதியில் புரதத்தைக் கூட்டச் சொன்னால்தான் ஓட்டம் தொடங்கும். (4, 0) முனையில் p உள்ளே வரத் தகுதி பெறுகிறது. ஆனால் அதன் நிரலில் இருப்பவை −1, −1. நேர் எண் ஒன்றுகூட இல்லாததால் விகிதம் போட இடமில்லை, வெளியேற எந்த மாறியும் இல்லை. அந்த நிரலே ஓடும் திசையையும் சொல்கிறது: p கூடக் கூட x-உம் அதே அளவு கூடுகிறது, y அசைவதில்லை. அரிசியை அளவில்லாமல் குவித்தால் புரதம் கூடிக்கொண்டே போகும் என்கிறது. அரிசியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை எங்கே போனது என்று தேட இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை.

கணினி போடும் கணக்குக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, 77 பொருள்களை எந்தத் தாளிலும் வரைய முடியாது, அட்டவணையைக் கையால் நிரப்புவாரும் இல்லை. ஆனால் மென்பொருளும் எப்போதும் பிரித்துச் சொல்வதில்லை. குரோபி என்ற தீர்ப்பான் சில வேளை `INF_OR_UNBD` என்று மட்டும் சொல்லி நின்றுவிடும்: தீர்வே இல்லையா, எல்லையில்லையா என்பது முன்சுருக்கத்தின்போது பிரிபடவில்லை என்று பொருள். அப்போது குறிக்கோளைப் பூஜ்யமாக்கி மறுபடி ஓட்ட வேண்டும். ஏற்புடைய புள்ளி கிடைத்தால் கோளாறு குறிக்கோள் ஓடும் திசையில், கிடைக்காவிட்டால் நிபந்தனைகளுக்குள்.

ஆனால் ஒரு குறுக்குவழி ஆபத்தானது. எல்லையற்றது என்ற செய்தி வந்தால் எல்லா மாறிகளுக்கும் பெரிய மேல்வரம்பு ஒன்றைப் போட்டு அதை அடக்கிவிடுவது. மென்பொருள் உடனே ‘உகந்த தீர்வு’ என்று சொல்லும், அந்தத் தீர்வோ நாம் சும்மா போட்ட வரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எச்சரிக்கை வராததாலேயே விடை சரி என்றும் ஆகிவிடாது. சிம்ப்ளெக்ஸ் முறையைத் தந்த ஜார்ஜ் டான்ட்சிக் தமக்கே உணவுத் திட்டம் போட்டபோது கணக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முடிந்தது. விடையில் 500 காலன் வினிகர் இருந்தது. அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார், நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டிகள் வந்தன. கட்டிகளுக்கு மூன்று என்று வரம்பு எழுதிய பிறகே கணக்கு அடுத்த பொருளுக்கு நகர்ந்தது. எனவே விடை வந்த பிறகும், எந்த மாறி எந்த வரம்பைத் தொட்டு நிற்கிறது, அந்த வரம்பு சமையல்கூடத்தில் உண்மையாக இருப்பதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டே பருப்புக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.