முன்பின் தெரியாத பையருக்கு முதல் மெயில்

"நாங்கள் பல ஆண்டு அனுபவமுள்ள முன்னணி ஏற்றுமதியாளர்கள். எல்லா வகைப் பின்னலாடைகளும் தயாரிக்கிறோம்." வெளிநாட்டு பையரைத் தேடி திருப்பூரிலிருந்து போகும் மெயில்களில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. இது தனக்கென்று எழுதப்பட்டதல்ல என்பது பையருக்கு அந்த முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மேற்கொண்டு அவர் ஏன் படிக்க வேண்டும்?

ஓர் உதாரணம். இங்கிலாந்தில் குழந்தை ஆடை விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு, திருப்பூர் யூனிட் ஒன்று எழுதுகிறது. எழுதுமுன் அந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்க்க வேண்டும். பாடிசூட்டுகள் ஆர்கானிக் காட்டனில் இருக்கின்றன, பைஜாமாக்கள் மட்டும் சாதாரணப் பருத்தியில். மெயிலுக்கு வேண்டிய முதல் வரி அங்கேயே கிடைத்துவிட்டது: "உங்கள் பாடிசூட்டுகள் ஆர்கானிக் காட்டனில் வருகின்றன. பைஜாமாக்களையும் அதே துணிக்கு மாற்றும் எண்ணம் உண்டா?"

அடுத்த இரண்டு, மூன்று வரிகளில் யூனிட் தன்னைப் பற்றிச் சொல்லலாம், அதுவும் இந்தத் தேவைக்குப் பொருந்துவதை மட்டும். "180 ஜிஎஸ்எம் ஆர்கானிக் இன்டர்லாக் துணியில் குழந்தைகளுக்கான பைஜாமா தைக்கிறோம். ஒரு நிறத்துக்கு 300 பீஸ் முதல் ஆர்டர் எடுப்போம். எங்கள் காட்ஸ் சான்றிதழ் எண் இது." சிறு பையருக்கு இங்கே முக்கியமானது 300 என்ற எண். பெரிய ஆர்டர் மட்டுமே எடுக்கும் யூனிட்டுகளிடம் அவர் போக முடியாது. சான்றிதழையும் காட்ஸ் அமைப்பின் பொதுத் தளத்தில் அவரே தேடிச் சரிபார்த்துக்கொள்ளலாம். "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்ற வரியை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

விலையை இந்த மெயிலில் எழுதாமல் இருப்பதே நல்லது. அளவு, பிரிண்ட், பேக்கிங் தெரியாமல் சொல்லும் விலை பின்னால் மாறியே தீரும், பேச்சும் அதிலேயே சிக்கிக்கொள்ளும். கேட்லாக்கையும் இணைக்க வேண்டாம். தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறக்கப் பலரும் தயங்குவார்கள்.

பல மெயில்கள் கோட்டை விடுவது கடைசி வரியில். "தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறோம்" என்றால் பையர் என்ன பதில் எழுதுவது? "6-9 மாத அளவில் ஒரு பைஜாமா சாம்பிள் அனுப்பட்டுமா? சரியென்றால் முகவரி மட்டும் எழுதுங்கள்" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வரலாம். சாம்பிள், வீடியோ கால், விலைப்பட்டியல் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் அவர் யோசிக்க வேண்டியிருக்கும், பதில் தள்ளிப்போகும்.

தலைப்பைக் கடைசியில் எழுதலாம்: "ஆர்கானிக் பைஜாமா, 300 பீஸ் முதல்". மொபைல் திரையில் நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். கீழே எழுதியவர் பெயர், யூனிட் முகவரி, இனி மெயில் வேண்டாமென்றால் தெரிவிக்கலாம் என்ற ஒரு வரி. பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து அதே மெயிலின் தொடர்ச்சியாக ஒருமுறை நினைவூட்டலாம்.

ஜெர்மனிக்கு இப்படி அனுப்ப வேண்டாம். முன்அனுமதி இல்லாமல் நிறுவனங்களுக்கு விளம்பர மெயில் அனுப்புவதையும் அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது.