கவுண்டரில் எழும் கேள்வி தாளில் இருக்கிறதா?

2023 மே 19, வெள்ளிக்கிழமை மாலை. 2000 ரூபாய் நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அறிவிப்போடு ஒரு கேள்வி-பதில் தாளும் வெளிவந்தது. ஆறரை ஆண்டுகளுக்கு முன் 500, 1000 ரூபாய் நோட்டுகள் ஒரே இரவில் செல்லாமல் போனதை யாரும் மறந்திருக்கவில்லை. அதனால் செய்தியைக் கேட்டவர்கள் மனதில் முதலில் எழுந்த கேள்வி, “என் கையில் இருக்கும் நோட்டு இனி செல்லுமா, செல்லாதா?” என்பதுதான்.

அந்தத் தாள் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. நோட்டு சட்டப்படி செல்லும், கடையில் கொடுக்கலாம், வாங்கலாம் என்று நேராகச் சொன்னது. செப்டம்பர் 30-க்குள் வங்கியில் போடுங்கள் அல்லது மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. மாற்ற நினைப்பவர் அந்த வங்கியில் கணக்கு வைத்திருக்க வேண்டியதில்லை, எந்தக் கிளைக்கும் போகலாம், கட்டணம் கிடையாது, ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம், மே 23 முதல் தொடங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரியில் பதில் இருந்தது. வங்கி வாங்க மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருந்தது. முதலில் அந்த வங்கியிடமே புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள் என்று வழி காட்டியிருந்தார்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். தன் உத்தரவு கீழே சரியாக நடக்காமல் போகலாம் என்பதை ஓர் அலுவலகம் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது எளிதல்ல. பெரும்பாலான அரசுத் தாள்களில் திட்டத்தின் நோக்கம், பயன், தகுதி எல்லாம் இருக்கும், “நீங்கள் சொன்னபடி உங்கள் ஆட்கள் செய்யவில்லை என்றால் நான் யாரிடம் போவது?” என்பது மட்டும் இருக்காது. கவுண்டர் முன்னால் நிற்பவருக்கு உண்மையில் பலம் தருவது அந்த ஒரு வரிதான். தாளைக் காட்டி, “இதில் இப்படிப் போட்டிருக்கிறதே” என்று கேட்க முடிகிறது அல்லவா?

ஆனால் அதே தாளில் மூன்று இடங்களில் ஓட்டை இருந்தது. கொள்கை மாற்றத்தோடு வரும் கேள்வி-பதில் தாள் எதில் தேறுகிறது, எதில் தவறுகிறது என்பதை இந்த மூன்றையும் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, கேட்காமலே விடப்பட்ட கேள்வி. நோட்டு மாற்றப் போகும்போது ஆதார் கொண்டுபோக வேண்டுமா? படிவம் நிரப்ப வேண்டுமா? வங்கிக்குக் கிளம்பும் எவரும் வீட்டு வாசலிலேயே கேட்கும் கேள்வி இது. தாளில் அது இல்லை. அறிவிப்பு வந்த இரண்டே நாளில், அடையாள விவரங்கள் கேட்கும் ஒரு படிவம் கைபேசிகளில் பரவத் தொடங்கியது. ஸ்டேட் வங்கி தன் கிளைகளுக்கு எழுதி, 20,000 ரூபாய் வரை மாற்றுவதற்குச் சீட்டும் வேண்டாம், அடையாள அட்டையும் வேண்டாம் என்று தெளிவுபடுத்த வேண்டிவந்தது. வேறு சில வங்கிக் கிளைகளில் அடையாள அட்டை கேட்டார்கள். ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே நோட்டுக்கு இரண்டு நடைமுறை. அடையாள அட்டை இல்லாமல் மாற்றித் தருவதே தவறு என்று ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த மனு தள்ளுபடியானது. “அடையாள அட்டை வேண்டுமா?” என்று ஒரு கேள்வியும் அதற்கு ஒரு வரிப் பதிலும் முதல் நாளே இருந்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி வந்திருக்காது.

ஏன் விட்டுப்போகிறது? தாளை எழுதுகிறவர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறார். உத்தரவில் என்ன இருக்கிறதோ அதைக் கேள்வியாக்கிப் பதில் சொல்கிறார். உத்தரவில் இல்லாத விஷயம் அவர் கண்ணில் படுவதில்லை. ஆனால் மக்களின் சந்தேகம் பெரும்பாலும் உத்தரவு மௌனமாக இருக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. அந்த மௌனத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கவுண்டரில் உட்காரும் ஊழியர் இரண்டு மூன்று பேரிடம் வரைவைக் கொடுத்து, “நாளைக்கு உங்களிடம் வருகிறவர் என்னென்ன கேட்பார்?” என்று விசாரிப்பது. அவர்கள் சொல்லும் கேள்விகள் சில்லறையாகத் தோன்றும். என்ன காகிதம் கொண்டுவர வேண்டும், எத்தனை மணி வரை, எனக்குப் பதில் என் மகன் வரலாமா, ஒரு நாளில் இரண்டு தடவை வரலாமா. தாளில் இருக்க வேண்டியவை இவைதான்.

இரண்டாவது, பதில் இருந்தும் புரியாமல் போன இடம். வங்கிக் கணக்கில் எவ்வளவு போடலாம் என்ற கேள்விக்கு, வரம்பு இல்லை. ஆனால் நடைமுறையிலுள்ள கேஒய்சி விதிகளுக்கும் பொருந்தக்கூடிய பிற சட்டத் தேவைகளுக்கும் உட்பட்டது என்ற பொருளில் பதில் இருந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு வங்கிக்குப் போகிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பூக்கடை நடத்தும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கல்யாண ஆர்டர்களில் வந்த பணத்தில் முப்பது 2000 ரூபாய் நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. மொத்தம் 60,000 ரூபாய். கவுண்டரில் மாற்றினால் ஒரு தடவைக்கு 20,000 தான். ஆகவே மூன்று தடவை போக வேண்டும். ஒரே நாளில் மூன்று தடவை வரலாமா என்பது அந்த வரியில் இல்லை. கணக்கில் போட்டால் வரம்பு இல்லை என்று தாள் சொல்கிறது. சரி, போட்டுவிடலாம் என்று கடையைப் பூட்டிவிட்டு வருகிறார். கவுண்டரில் பான் எண் கேட்கிறார்கள். ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலுத்தினால் பான் எண் தர வேண்டும் என்பது அப்போதைய வருமான வரி விதி. 2000 ரூபாய் நோட்டுக்காகப் புதிதாக வந்ததல்ல. “பிற சட்டத் தேவைகள்” என்ற சொற்களுக்குள் ஒளிந்திருந்தது இதுதான். அவர் பான் அட்டையைக் கொண்டுவரவில்லை. அரை நாள் வியாபாரம் போயிற்று.

அந்தப் பதிலை இப்படி எழுதியிருக்கலாம்: “வரம்பு இல்லை. ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் போடுவதானால் பான் எண் வேண்டும். மற்றபடி உங்கள் கணக்கில் வழக்கமாக எப்படிப் பணம் போடுவீர்களோ அப்படியே போடலாம்.” பூக்கடைக்காரருக்கு அந்த ஒரு தொகையும் ஒரு அட்டையின் பெயரும் போதும். மூன்று நாள் கழித்து, மே 22 அன்று, அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் செய்தியாளர்களிடம் பேசும்போது, ஏற்கெனவே உள்ள 50,000 ரூபாய் விதி இதற்கும் பொருந்தும் என்று சொன்னார். அவர் வாயிலிருந்து வந்தது தாளிலேயே வந்திருக்க வேண்டும்.

“உட்பட்டது”, “பொருந்தக்கூடிய”, “அவ்வப்போது திருத்தப்பட்டவாறு” என்ற சொற்கள் வரும் பதில்களை எழுதுகிறவர் ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்க வேண்டும்: எதற்கு உட்பட்டது? அதன் பெயர் என்ன? எவ்வளவு தொகை? வழக்கறிஞரின் பார்வையில் பாதுகாப்பான வாக்கியம், படிக்கிறவரைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது. சட்டப்படி செல்லுபடியாவது சுற்றறிக்கைதான். கேள்வி-பதில் தாள் அதன் விளக்கம் மட்டுமே. அதனால் சட்ட வாசகத்தைச் சுற்றறிக்கையில் வைத்துவிட்டு, தாளில் தாராளமாகப் பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக எழுதலாம். இரண்டும் முரண்படக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

மூன்றாவது ஓட்டைதான் அதிகப் பயத்தைக் கிளப்பியது. செப்டம்பர் 30-க்குப் பிறகு என்ன? நோட்டு செல்லும் என்றார்கள். கூடவே ஒரு கடைசித் தேதியும் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள், அந்தத் தேதிக்குப் பின் செல்லாது என்றே எடுத்துக்கொண்டார்கள். ரிசர்வ் வங்கி அந்த முடிவை அப்போது எடுத்திருக்கவில்லை. பெரும்பாலான நோட்டுகள் அதற்குள் வந்துவிடும், பிறகு பார்க்கலாம் என்பதே நிலை. முடிவு எடுக்காத விஷயத்தைத் தாளில் எப்படி எழுதுவது? எழுத முடியும். “செப்டம்பர் 30-க்குப் பிறகு என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் அறிவிப்போம். அதுவரை நோட்டு செல்லும்” என்று உண்மையைச் சொல்லிவிடலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தாளை மக்கள் நம்புவார்கள். வெற்றிடம் விட்டால் அதை வதந்தி நிரப்பும். பெட்ரோல் பங்குகளிலும் நகைக் கடைகளிலும் அந்த நாட்களில் 2000 ரூபாய் நோட்டுகள் குவிந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தாளின் தேதி. 2016 நவம்பரில் பழைய நோட்டு மாற்றும் வரம்பு முதலில் 4,000 ரூபாய், சில நாளில் 4,500, பிறகு 2,000, நவம்பர் 24-க்குப் பின் மாற்றுவதே நிறுத்தப்பட்டது. இடையில் விரலில் மை வைக்கும் ஏற்பாடும் வந்தது. இவ்வளவும் இரண்டு வாரத்துக்குள். அப்போது ஒரு கிளையின் கதவில் தேதி இல்லாமல் ஒட்டியிருக்கும் தாள், வரிசையில் நிற்பவரை ஏமாற்றும் தாளாகிவிடும். ஆகவே தாளின் தலையில் “இந்தத் தேதி நிலவரப்படி” என்ற வரியும், மாறிய பதிலுக்குப் பக்கத்தில் “இது முன்பு இப்படி இருந்தது, இப்போது இப்படி” என்ற குறிப்பும் வேண்டும். பழையதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதியதைப் போடுவது, முந்தைய தாளை நம்பி வந்தவரைக் குற்றவாளி ஆக்குகிறது.

2000 ரூபாய் நோட்டு விஷயத்தில் 2016-இன் நெரிசல் திரும்பவில்லை. நான்கு மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தது முக்கியக் காரணம். நோட்டு தொடர்ந்து செல்லும் என்று முதல் நாளே எழுத்தில் சொன்னது இன்னொரு காரணம். அறிவிப்பு நாளன்று புழக்கத்தில் இருந்த 3.56 லட்சம் கோடி ரூபாயில் 3.42 லட்சம் கோடி, செப்டம்பர் முடிவதற்குள் வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு கெடு அக்டோபர் 7 வரை நீட்டிக்கப்பட்டது.

உங்கள் வீட்டு அலமாரியில், பழைய புடவை மடிப்பில் ஒரு 2000 ரூபாய் நோட்டு கிடைத்தால் பதற வேண்டாம். அது செல்லாத நோட்டாக அறிவிக்கப்படவில்லை. அக்டோபர் 7-க்குப் பிறகு வங்கிக் கிளைகள் வாங்குவதில்லை. சென்னை உட்பட 19 ஊர்களில் உள்ள ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகங்களில் மாற்றவோ கணக்கில் வரவு வைக்கவோ ஏற்பாடு செய்தார்கள். நேரில் போக முடியாதவர்கள், படிவத்தை நிரப்பி அடையாள ஆவண நகலோடு எந்த அஞ்சலகத்திலிருந்தும் அந்த அலுவலகங்களில் ஒன்றுக்கு அனுப்பிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. கிளம்பும் முன் ரிசர்வ் வங்கியின் கேள்வி-பதில் தாளில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.