5, 10, 15: எது எங்கே?

ஜெர்மனியில் ஓட்டுநர் எழுத்துத் தேர்வு எழுதுவோரைக் குழப்புவது 5, 10, 15 மீட்டர் தூரங்கள்தான். வெறுமனே உருப்போட்டால் தேர்வறையில் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடும். எதை மறைக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். பாதசாரிக் கடவைக்கு முன் 5 மீட்டருக்குள் நின்றால், கடக்க வரும் ஆளே மறைந்துவிடுவார். சிக்னலும் நிறுத்தப் பலகையும் உயரத்தில் இருப்பவை. அவற்றை மறைக்கும் வண்டி 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பேருந்து நீளமானது, ஒதுங்கி வந்து நிற்கவும் திரும்பக் கிளம்பவும் இடம் தேவை. அதனால் நிறுத்தப் பலகையின் இருபுறமும் 15 மீட்டருக்கு வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

கேள்வியின் சூழ்ச்சி 'முன்', 'பின்' என்பதில். கடவையைத் தாண்டிய பக்கத்துக்கு இந்த 5 மீட்டர் விதி கிடையாது. வருகிற வண்டிக்கு அங்கே எதுவும் மறையாது.