முழங்கை முறிந்தால் விரல்களைப் பாருங்கள்

ஆறு வயதுப் பையன் ஒருவன் சாயங்காலம் கொய்யா மரத்திலிருந்து வழுக்கி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். விழும்போது கையை நீட்டி ஊன்றுகிறான். உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கையில் இறங்க, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிடுகிறது. 5 வயது முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மிக அதிகமாக ஏற்படும் முழங்கை முறிவு இதுதான். மேற்கை எலும்பு அந்த இடத்தில் தட்டையாகவும் மெல்லியதாகவும் இருப்பதே காரணம்.

முறிந்த எலும்பைவிட அதன் முன்னால் ஓடுகிறவைதான் இங்கே கவலைக்குரியவை. முன்கைக்கும் விரல்களுக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும், கட்டை விரல், ஆள்காட்டி விரல்களை இயக்கும் நரம்பும் முழங்கை மடிப்பு வழியாகத்தான் செல்கின்றன. எலும்பின் கூரான மேல்துண்டு முன்பக்கமாகத் துருத்தினால் அவற்றைக் குத்தவோ நசுக்கவோ செய்யும். எலும்பை நாளைக்குக்கூடச் சேர்த்துவிடலாம். ஆனால் ரத்தம் கிடைக்காத தசை, சுமார் 6 மணி நேரத்தில் மீள முடியாத நிலைக்குப் போகத் தொடங்கும்.

பையன் அழுகிறான், முழங்கை வீங்கிக்கொண்டே வருகிறது. கூடியிருப்பவர்களில் ஒருவர், “பிசகிக்கிட்டிருக்கும், நல்லெண்ணெய் போட்டு நீவிவிட்டா சரியாயிடும்” என்பார். பெரும்பாலும் அன்பால் சொல்லப்படும் வார்த்தை இது. ஆனால் நீவும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கூர்முனை தமனியின் மேல் உரசுகிறது. நீவுவது, இழுத்து நேராக்குவது, ‘மடக்கிக் காட்டு பார்க்கலாம்’ என்று சோதிப்பது, இந்த மூன்றும் கூடாது. கை வளைந்திருந்தால் வளைந்தபடியே இருக்கட்டும்.

தொடாமல் பார்க்க வேண்டியது விரல்களை. இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். அடிபட்ட கை வெளிறியோ நீலம் பாரித்தோ இருக்கிறதா? புறங்கையால் தொட்டால் மற்றக் கையைவிட ஜில்லென்று இருக்கிறதா? பிறகு ஒரு நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளிறிய நகத்தடியில் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் நாடி துடிக்கிறதா என்றும் பாருங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு, அதுவும் அழுகிற பிள்ளையின் கையில், நாடி பிடிபடுவது கடினம். அதற்காக மெனக்கெட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், நிறமும் சூடும் போதும்.

நரம்பைச் சோதிக்க எலும்பு மருத்துவர்கள் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டையே பயன்படுத்துகிறார்கள். கல், காகிதம், கத்தரி விளையாட்டுதான். “கண்ணு, ‘கல்’ காட்டு” என்றால் முஷ்டி மடக்க வேண்டும், ‘காகிதம்’ என்றால் விரல்களை நீட்ட வேண்டும், ‘கத்தரி’ என்றால் இரண்டு விரல்களை விரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நரம்பு வேலை செய்கிறது. கடைசியாக, கட்டை விரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டம் சரியாக மடங்காமல் நுனிகள் தட்டையாக ஒட்டினால், இந்த முறிவில் அதிகமாக அடிபடும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். வலியால் பிள்ளை எதையும் செய்ய மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். ‘மரத்துப்போச்சு’, ‘எறும்பு ஊறுது’ என்று அவனாகச் சொன்னால் அதையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நரம்பு முதலிலேயே அடிபட்டிருந்ததா, பிறகு பாதிக்கப்பட்டதா என்று அவர் தெரிந்துகொள்ள அது உதவும்.

அடுத்தது கட்டு. வீக்கம் ஏறுவதற்கு முன்பே காப்பு, மோதிரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். கோயில் கயிறு என்று தயங்க வேண்டாம், வீங்கிய கையில் அது சுருக்காக மாறிவிடும். மளிகைக்கடை அட்டைப்பெட்டியிலிருந்து, மேற்கையின் நடுவிலிருந்து உள்ளங்கை வரை வருமளவுக்கு ஒரு நீளத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்துக்கு அட்டையை மடித்து, மேலே துண்டை விரித்து, கைக்கு அடியில் மெல்லச் செருகுங்கள். துப்பட்டாவைக் கிழித்து மேற்கையில் ஒரு கட்டு, முன்கையில் ஒரு கட்டு, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று. முழங்கையின் மேல் எதுவும் வேண்டாம். முடிச்சு அட்டைப் பக்கம் வரட்டும். ஒவ்வொரு கட்டுக்கடியிலும் உங்கள் விரல் ஒன்று தாராளமாக நுழைய வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். கட்டி முடித்ததும் நிறம், சூடு, நகம், விரலசைவு எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். முன்பு சிவந்திருந்த விரல் இப்போது வெளிறினால் கட்டு இறுகிவிட்டது, உடனே தளர்த்துங்கள்.

அட்டை கிடைக்கவில்லை என்றாலோ, பையன் கையைத் தொடவே விடவில்லை என்றாலோ, மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் கையைப் படுக்கப் போட்டு அழைத்துப் போனாலே போதும். தொட்டில் கட்டுவதற்காகக் கையை நன்றாக மடக்கிக் கழுத்தோடு கட்டிவிடுவதுதான் இந்த முறிவில் தவறு. மடங்க மடங்க, வீங்கிய முழங்கையில் தமனி நசுங்கும்.

தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் அதை உள்ளே தள்ளாதீர்கள், மஞ்சளோ காப்பித்தூளோ போடாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, ரத்தம் கசிகிற இடத்தில் எலும்பை அழுத்தாமல் ஓரத்தை அழுத்திப் பிடியுங்கள். பயந்த பிள்ளைக்கு நாம் முதலில் கொடுப்பது தண்ணீரும் பிஸ்கட்டும். அன்று அதுவும் வேண்டாம். அறுவை தேவைப்பட்டால் மயக்கம் கொடுப்பதற்கு, சாப்பிட்டு 6 மணி நேரம் ஆகியிருப்பது பாதுகாப்பானது. கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விரல்கள் வெளிறி ஜில்லென்று இருந்தால் 108-ஐ அழைத்து, ‘கையில் ரத்த ஓட்டம் இல்லை போலிருக்கிறது’ என்றே சொல்லுங்கள். அறுவை அரங்கம் உள்ள மருத்துவமனைக்கு நேரே போவது இங்கே முக்கியம். எக்ஸ்ரே மட்டும் எடுக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் கழிக்க வேண்டாம்.

இறுகிய கட்டால் கை கெட்டுப்போவதை ரிச்சர்ட் வோல்க்மான் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1881-இல் விவரித்தார். முன்கைத் தசைகள் நார்போலச் சுருங்கி, விரல்கள் கொக்கியாக மடங்கி, பிறகு நிமிராமலே போய்விடும். மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டுக்குப் பிறகு இன்றும் இப்படி வருகிறது, மருத்துவமனை மாவுக்கட்டுக்கு அடியிலும் வரலாம். முன்கைக்குள் வீக்கத்தின் அழுத்தம் ஏறுவதே காரணம். இதில் நாடி துடித்துக்கொண்டே இருக்கக்கூடும் என்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். வலிதான் முதல் எச்சரிக்கை. கட்டுப் போட்ட பின் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போகும், மருந்துக்கு அடங்காது, விரலை மெல்ல நீட்டினாலே பிள்ளை துடிப்பான். சிறு பிள்ளைகள் வலி என்று சொல்லாமல் சும்மா சிணுங்கிக்கொண்டும் தூங்காமலும் இருப்பார்கள்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த முதல் 2 நாட்களில் இப்படி இருந்தால், ‘கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும்’ என்று யாராவது சொல்வதைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் அன்றிரவே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.