மெயிலில் Cc, Bcc என்ன வித்தியாசம்? கட்டம் மாறியதால் 3.5 லட்சம் பவுண்ட் அபராதம் கட்டிய கதை!

2021 செப்டம்பர் 20. காபூல் தாலிபான்களின் கைக்குப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிரிட்டனுடன் பணியாற்றிய ஆப்கானியர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேற வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தில் இருந்து ஒரு மெயில் போனது. மொத்தம் 245 பேர். Bcc கட்டத்தில் போடவேண்டிய அத்தனை முகவரிகளும் To கட்டத்தில் இருந்தன.

மெயிலைத் திறந்த ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோரின் முகவரியும் தெரிந்தது. 55 பேரின் ப்ரொஃபைல் போட்டோவும் கூடவே தெரிந்தது. அதோடு முடியவில்லை. இரண்டு பேர் Reply all அழுத்தி பதில் போட்டார்கள். அதில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே சொல்லிவிட்டார். பட்டியல் தாலிபான் கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மெயிலை டெலீட் செய்யுங்கள், மெயில் ஐடியை மாற்றுங்கள் என்று அமைச்சகம் அவசரமாகக் கேட்டுக்கொண்டது. இந்த விவகாரத்தில் 2023 டிசம்பரில் அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் 3.5 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது.

சரி, எந்தக் கட்டத்தில் யாரைப் போடணும்?

To என்பது பதில் சொல்லவேண்டிய, வேலையைச் செய்யவேண்டிய ஆளுக்கு. Cc என்பது கார்பன் காப்பி. டைப்ரைட்டரில் கார்பன் பேப்பர் வைத்து எடுத்த நகலின் பெயர்தான் இது. விஷயம் தெரிந்தால் போதும், பதில் தேவையில்லை என்பவர்களை இதில் போடலாம். மேனேஜருக்கு லீவ் லெட்டர் அனுப்பும்போது மேனேஜர் To-வில், ஹெச்ஆர் Cc-யில். யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்பது இருவருக்குமே தெரியும், தெரியவும் வேண்டும்.

Bcc-யில் கூடுதலாக வரும் B, பிளைண்ட். இதில் இருப்பவருக்கும் மெயில் போகும், ஆனால் அவர் பெயர் வேறு யாருக்கும் தெரியாது. Bcc-யில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒருவரை ஒருவர்கூட தெரியாது.

இது எப்படி என்றால், மெயிலும் தபால் மாதிரிதான். உள்ளே இருக்கும் கடிதத்தில் To, Cc பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். Bcc முகவரி மேலே இருக்கும் கவரில் மட்டும்தான். டெலிவரி ஆனதும் கவர் போய்விடும், கடிதம் மட்டுமே கைக்கு வரும். முழுப் பட்டியல் அனுப்பியவரின் Sent ஃபோல்டரில் மட்டும் இருக்கும்.

ஒருவரை ஒருவர் அறியாத பலருக்கு ஒரே மெயில் போகிறது என்றால் Bcc-தான் சரி. வேலைக்கு விண்ணப்பித்த 40 பேருக்கு இன்டர்வியூ தேதியைச் சொல்லணும் என்று வைத்துக்கொள்வோம். To-வில் உங்கள் ஐடியையே போடுங்கள், 40 பேரையும் Bcc-யில் போடுங்கள். இதில் இன்னொரு வசதி, யாராவது Reply all அழுத்தினாலும் பதில் உங்களுக்கு மட்டும்தான் வரும். மற்ற 39 பேரின் இன்பாக்ஸ் நிரம்பாது.

ஆனால் சக ஊழியருக்கு அனுப்பும் மெயிலில், அவருக்குத் தெரியாமல் பாஸை Bcc-யில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அங்கேதான் மாட்டுவார்கள். பாஸ் யோசிக்காமல் Reply all அழுத்தினால் அவர் பதில் அந்த ஊழியருக்கும் போகும். 'இவர் எப்படி உள்ளே வந்தார்?' என்ற கேள்வி அடுத்த நிமிடமே வரும். பாஸுக்குத் தெரியணும் என்றால் நேராக Cc-யில் போடலாம். இல்லையென்றால் அனுப்பிய மெயிலை அவருக்குத் தனியாக ஃபார்வர்ட் செய்யலாம். இன்னொன்று, அந்த ஊழியர் போடும் பதில் Bcc-யில் இருந்தவருக்குப் போகாது. முதல் மெயிலோடு அவர் கதை முடிந்தது.

மொபைலில் ஜிமெயில் ஆப்பைத் திறந்தால் முதலில் To மட்டும்தான் தெரியும். அதன் வலது ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டால்தான் Cc, Bcc வரும். அவசரத்தில் எல்லோரையும் To-வில் போட்டுவிடுவது இதனால்தான் அதிகம் நடக்கிறது. அதனால் முகவரிகளைக் கடைசியாகச் சேர்ப்பதே நல்லது. மெயிலை எழுதி முடித்து, Bcc கட்டத்தைத் திறந்துவைத்துவிட்டு, பிறகு ஒட்டுங்கள்.

பட்டியலே ரகசியம் என்றால் Bcc-யை மட்டும் நம்பக்கூடாது. ஒரு கை தவறினால் எல்லாமே வெளியே வந்துவிடும். ஆப்கான் விவகாரத்தில் ஆணையர் அலுவலகம் சொன்னதும் இதைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயிலாக அனுப்பும் மொத்த மெயில் சேவைகள் இருக்கின்றன, அதைப் பயன்படுத்தலாம்.

தப்பாக அனுப்பிவிட்டால்? ஜிமெயிலில் Send அழுத்தியதும் கீழே Undo வரும். கணினியில் செட்டிங்ஸில் போய் அந்த நேரத்தை 30 விநாடி வரை வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் மெயிலைத் திரும்ப எடுக்க முடியாது.