சோபா பொருந்துமா? ஒரு ஏ4 தாள் சொல்லும்

கடைப் படத்தில இருக்கிற சோபாவை உங்கட ஹோல் போட்டோவில ஒட்டிப் பார்க்கலாம். ஆனால் போட்டோவுக்கு அளவு தெரியாது. சுருக்கினால் எந்தச் சோபாவும் பொருந்தும். அதனால்தான் ஐகியா தன் 2014 கேட்டலாக்கையே தரையில் வைத்து போனைக் காட்டச் சொன்னது. புத்தகத்தின் அளவு அந்தச் செயலிக்குத் தெரியும்.

மெரிலேண்ட்ஸ் யூனிட்டில் நாங்கள் வைத்தது ஏ4 தாள். சோபாவின் முன்விளிம்பு வரும் இடத்தில், 297 மி.மீ. நீளப்பக்கம் சுவருக்கு இணையாக. சுவரோரம் வைத்தால் தூரத்தால் தாள் சிறிதாகி, சோபாவும் சுருங்கிவிடும். போட்டோவில் தாள் 135 பிக்சல். அப்போ 2.2 மீட்டர் சோபா 1000 பிக்சல். அது பால்கனிக் கதவை மறைத்தது. 1.8 மீட்டர் என்றால் 818, கதவு தப்பியது.

அம்மா கேட்ட பச்சைச் சுவருக்கும் அதே தாள்தான். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தாளும் மஞ்சளாகத்தான் தெரியும். முதலில் கலரைத் திருத்தித் தாளை வெள்ளையாக்குங்கோ. பிறகு வெள்ளைச் சுவர் மேல் நிறத்தை ‘மல்டிப்ளை’ லேயராகப் போட்டால் நிழல்கள் அப்படியே இருக்கும். ஆனாலும் போன் திரையை நம்பிப் பெயின்ட் வாங்க வேண்டாம். சாம்பிள் டப்பா ஒன்றை அட்டையில் பூசி, பகலிலும் இரவு லைட்டிலும் சுவரில் சாத்திப் பாருங்கோ.